வரவுக் குறைவும் மன்னிப்புக் கடிதமும்

பரீட்சைக்குத் தோற்றத் தகுதியற்றோரின் பட்டியல் பீட அலுவலகத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்ட மறுநாள் எழுதப்படும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தெடுக்கப்பட்டவை. வரவுக் குறைவை மன்னிக்குமாறும், குடும்ப நிலையைக் கருத்திற் கொள்ளுமாறும், பரீட்சை எழுத அனுமதித்தருளுமாறும் அவை வேண்டுகின்றன. வராமலிருந்தமைக்கு எவ்வித காரணமும் அற்றவன் அவ்வாறு எழுதுவதில் வியப்பில்லை. ஆனால், பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்ட மருத்துவ விடுமுறையிற் சென்றவளும் அதே சொற்களால் மன்னிப்புக் கோருகிறாள். தான் அனுமதித்த ஒன்றைத் தானே குறையாகக் குறித்துக்கொண்டு, பின் அக்குறையைத் தானே பொறுத்தருளும் ஒரு நிர்வாகத்தின் முன் அவள் நிற்கிறாள். இந்நடைமுறை பிழையானது என்பதே என் வாதம். அப்பிழையை நிலைக்கச் செய்வதில் மாணவர்க்கும் பங்குண்டு.

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பல பீடங்களில், ஒரு பாடத்தின் பரீட்சைக்குத் தோற்றுவதற்கு நூற்றுக்கு 80 வீத வரவு வேண்டும். இவ்விதியில் எவருக்கும் ஐயமில்லை. எதில் 80 வீதம் என்னும் வினாவையே எவரும் எழுப்புவதில்லை. ஒரு மாணவியின் நிலையைக் கொண்டு இதனை விளக்கலாம்.

அவளது பாடத்துக்கு வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை இரண்டு மணித்தியாலமும் வியாழக்கிழமை ஒரு மணித்தியாலமும் விரிவுரை. பதினைந்து வாரங்களுக்கு 45 மணித்தியாலங்கள் கால அட்டவணையில் உள்ளன. இரு செவ்வாய்க்கிழமைகளில், ஒன்று பூரணை விடுமுறையாலும் மற்றது விரிவுரையாளர் வராமையாலும், விரிவுரை நடைபெறவில்லை. ஆகவே உண்மையில் நடந்தவை 41 மணித்தியாலங்கள். இடையே அவளுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்கிற்று. செவ்வாய் விரிவுரைக்கு வரவில்லை. புதன்கிழமை அரசாங்க வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். ஏழு நாள் அங்கே. பின் பதினான்கு நாள் வீட்டில் ஓய்வு. இவ்விருபத்தொரு நாளையும் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி சிபார்சு செய்ய, பீடச் சபை ஏற்றுக்கொண்டது. அந்நாட்களில் தவறியவை 9 மணித்தியாலங்கள்; அனுமதிக்கப்படுவதற்கு முந்திய செவ்வாயில் தவறியவை 2. எஞ்சிய 30 மணித்தியாலங்களுக்கும் அவள் கையொப்பமிட்டிருக்கிறாள்.

அவளது வரவு எவ்வளவு? கால அட்டவணையை அடிப்படையாகக் கொள்ளும் எழுதுவினைஞர் 30ஐ 45ஆல் வகுத்து 66.7 வீதம் என்பார். நடந்த விரிவுரைகளை மட்டும் எண்ணுபவர் 41ஆல் வகுத்து 73.2 வீதம் என்பார். அனுமதிபெற்ற 9 மணித்தியாலங்களையும் வந்தவையாகவே சேர்ப்பவர் 39ஐ 41ஆல் வகுத்து 95.1 என்பார். அவ்வொன்பதையும் மொத்தத்திலிருந்து கழித்துவிடுபவரோ 30ஐ 32ஆல் வகுத்து 93.75 வீதம் என்பார். மாணவி ஒருத்தி, வரவுப் பதிவேடும் ஒன்று, விடைகளோ நான்கு! இவற்றுள் இரண்டு அவளைப் பரீட்சை மண்டபத்துக்குள் அனுப்புகின்றன. இரண்டு வாசலில் நிறுத்துகின்றன. எந்த விடை எழுதப்படும் என்பது அன்று அக்கோப்பு எவர் மேசையில் இருந்தது என்பதைப் பொறுத்த செய்தியாகிவிடுகிறது.

வாசலில் நிறுத்தப்படுவது சிறிய விடயமன்று. அடுத்த ஆண்டு அப்பரீட்சையை எழுதினாலும், பல பீடங்களில் அது மீள்தோற்றமாகவே கொள்ளப்படும். எவ்வளவு திறமையாக எழுதினும் சாதாரண சித்திக்கு மேற்பட்ட தரம் வழங்கப்படாது. வகுப்புச் சித்திக்கான வாய்ப்பும் அதனோடு போய்விடலாம். நுளம்பு கடித்தமைக்கு இது சற்றுக் கடுமையான தண்டனை.

நான்கனுள் நான்காவது கணக்கே நேர்மையானது. மூன்றாவது அவளுக்கு இன்னும் சாதகமானதாயினும் அதை நான் ஏற்கமாட்டேன். வராத ஒருத்தியை வந்தாள் எனப் பதிவது பொய். அனுமதிக்கப்பட்ட விடுமுறை வரவும் அன்று, வராமையும் அன்று. அம்மணித்தியாலங்களில் அவள் வரவேண்டிய கடப்பாடே இருக்கவில்லை. ஆகவே அவை கணக்குக்கு வெளியே நிற்க வேண்டியவை. சான்றில்லாத அந்த முதற் செவ்வாயோ அவளுடைய இழப்பு. அதனை அவள் 20 வீதச் சலுகைக்குள் தாங்கிக்கொள்ளட்டும்.

இதற்கு விரிவுரையாளர் சிலர் கூறும் மறுப்பு புறக்கணிக்கத் தக்கதன்று. பத்து வாரம் விடுமுறையிலிருந்து, எஞ்சிய ஐந்து வாரமும் வந்த ஒருவன் இக்கணக்கின்படி நூறு வீதம் பெறுவானே என்கிறார்கள். உண்மைதான். அதற்கு மருந்து ஒரு கீழெல்லை. நடந்த விரிவுரைகளில் பாதிக்காவது வந்திருக்க வேண்டும் என்று விதியில் எழுதிவிடலாம். இந்தியாவின் சட்டக் கல்விக்கான 2008ஆம் ஆண்டு விதிகள் இத்தகையதோர் எல்லையை வகுத்துள்ளன. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் 70 வீதம் வேண்டும். விதிவிலக்கான காரணமிருப்பின், அப்பாடத்தில் 65 வீதமும் எல்லாப் பாடங்களிலும் சேர்த்து 70 வீதமும் பெற்றவரைப் பீடாதிபதி அனுமதிக்கலாம். அவ்வெண்கள் நமக்குப் பொருந்துமா என்பது வேறு. பீடாதிபதியின் இரக்கத்துக்கும் அங்கே எழுத்தில் ஓர் அளவுண்டு என்பதே கவனிக்கத் தக்கது. ஆய்வுகூடச் செய்முறைகளையும் மருத்துவ பீடத்தின் நோயாளர் விடுதிப் பயிற்சிகளையும் பொறுத்தவரை நான் விரிவுரையாளர் பக்கமே நிற்கிறேன். அவற்றைக் கழிக்க முடியாது. பின்னர் செய்தே தீரவேண்டும்.

இனி மாணவர் பக்கம். அந்த மாணவியின் வைத்தியசாலை நோய்நிர்ணய அட்டையில், வெளியேறும்போது ‘பதினான்கு நாள் ஓய்வு’ என்னும் ஒரு வரி எழுதப்படாமற் போயிருந்தால் என்னவாகும்? அட்டை ஏழு நாளையே காட்டும். மருத்துவ அதிகாரியும் ஏழு நாளையே சிபார்சு செய்வார். கழிக்கக்கூடியவை மூன்று மணித்தியாலங்கள் மட்டுமே. 30ஐ 38ஆல் வகுத்தால் 78.9 வீதம்! நான் சரியெனக் கொண்ட கணக்கிலேயே அவள் தோற்றுப்போகிறாள். வைத்தியசாலையை விட்டு வெளியேறும் முன் அவ்வரியைக் கேட்டு எழுதுவித்துக்கொள்ளாதவர் நம்மில் எத்தனை பேர்! பின்னர் தனியார் மருத்துவரிடம் பெற்ற, நாட்கள் பொருந்தாத சான்றிதழொன்றை இணைத்துவிட்டு, அது நிராகரிக்கப்பட்டதும் அநீதி என்கிறோம்.

ஆகவே கடிதத்தில் இரக்கம் கோரும் பந்திகளை நீக்கிவிட்டுக் கணக்கை எழுதுக. துறைத் தலைவரூடாகப் பீடாதிபதிக்கு விலாசமிட்ட அக்கடிதத்தின் உயிரான பகுதி இவ்வளவே: ‘மேற்படி பாடத்தில் நடைபெற்ற விரிவுரைகள் 41 மணித்தியாலங்கள். இவற்றுள் 9 மணித்தியாலங்கள் பீடச் சபை ஏற்றுக்கொண்ட விடுமுறைக் காலத்துள் அடங்குவன (இணைப்பு 1: ஏற்புக் கடிதம், இணைப்பு 2: நோய்நிர்ணய அட்டையின் உறுதிப்படுத்திய பிரதி, இணைப்பு 3: தவறிய விரிவுரைகளின் திகதிகள்). எஞ்சிய 32 மணித்தியாலங்களில் 30க்குச் சமுகமளித்துள்ளேன். அனுமதிபெற்ற மணித்தியாலங்களை நீக்கி என் வரவைக் கணிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ மூன்றாவது இணைப்பைப் பலர் விட்டுவிடுகின்றனர். விடுமுறைத் திகதிகளை வரவுப் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலையை எழுதுவினைஞர் நமக்காகச் செய்வார் என எதிர்பார்ப்பது பேராசை.

இக்கடிதத்தைப் பட்டியல் வெளிவந்த பின் கொடுப்பதிற் பயன் குறைவு. பீடச் சபை பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறையே கூடுகிறது. பட்டியலுக்கும் பரீட்சைக்கும் இடையே பல வேளைகளில் அவ்வளவு காலம் இருப்பதில்லை. விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்திலேயே ஏற்புக் கடிதத்தின் பிரதியைத் துறை அலுவலகத்திற் கொடுத்து, நம்மிடமுள்ள பிரதியில் திகதி முத்திரையைப் பெற்றுக்கொள்ளலாம். நடந்த மணித்தியாலங்களின் தொகையைத் துறைகள் ஒவ்வொரு மாத முடிவிலும் அறிவித்தற் பலகையில் இடட்டும். அதற்கு வேண்டியது ஒரு தாளும் நான்கு ஊசிகளுமே.