66 வீதமான பெற்றோர் மீது ஒரு பொய்க் குற்றச்சாட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. செயல்நிலை ஆய்வு செய்கிற ஆசிரிய நண்பர்களும், கல்வியியற் கல்லூரியிலிருந்து கட்டுறுப் பயிற்சிக்கு வந்திருக்கிற தம்பி தங்கைமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

"வீட்டுச் சூழல் சாதகமாக இல்லை. பெற்றோரின் அக்கறை போதாது." எங்கள் கைக்கு வருகிற பாடசாலை மட்ட ஆய்வறிக்கைகளில் இந்த இரண்டு வரியும் இல்லாத அறிக்கை குறைவு. தலைப்பு வாசிப்பாக இருக்கலாம், கணிதமாக இருக்கலாம், வரவாக இருக்கலாம். முடிவு மட்டும் மாறாது. அதற்கு மேலே நிறம் தீட்டிய ஒரு வட்ட வரைபு, கீழே "பெற்றோருக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துதல்" என்று ஒரு விதப்புரை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகள் வினாக்கொத்தில் அப்படித்தான் சொன்னார்களா?

பெரும்பாலும் இல்லை. எப்படி என்று ஒரு வகுப்பை வைத்துக் காட்டுகிறோம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் போட்டவை. நடக்கிற விதம் அறிக்கைகளில் நாங்கள் பார்ப்பதுதான்.

தரம் 8. இடாப்பில் 40 பிள்ளைகள். பிரச்சினை: கணித வீட்டுவேலை ஒழுங்காக வருவதில்லை. வினாக்கொத்து கொடுத்த அன்று நான்கு பேர் வரவில்லை, ஆக 36 தாள்கள். அதில் ஒரு கூற்று: "வீட்டில் படிப்பதற்கு எனக்கு வசதியும் பெற்றோரின் உதவியும் உண்டு." முற்றாக உடன்படுகிறேன் 5, உடன்படுகிறேன் 6, கருத்தில்லை 9, உடன்படவில்லை 8, முற்றாக உடன்படவில்லை 4. இந்தக் கூற்றுக்கு ஒன்றும் அடையாளமிடாமல் விட்டவர்கள் 4.

அறிக்கையில் இது எப்படி வருகிறது தெரியுமா? வெறுமையாக விட்ட 4 பேரும் சத்தமில்லாமல் கழிக்கப்படுகிறார்கள். மிச்சம் 32. "கருத்தில்லை" என்ற 9 பேரையும் மறுத்த 12 பேரோடு சேர்த்து 21 ஆக்குகிறார்கள். 21ஐ 32ஆல் வகுத்தால் 65.63. உடனே "66 வீதமான மாணவர்களுக்கு வீட்டில் ஆதரவு இல்லை" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

உண்மையில் ஆதரவு இல்லை என்று சொன்ன பிள்ளைகள் 12 பேர். 36 தாளில் 12, அதாவது மூன்றில் ஒருவர். எந்தப் பிள்ளையும் பொய் சொல்லாமலே, கூட்டலிலும் வகுத்தலிலும் மட்டும் மூன்றிலொன்று மூன்றில் இரண்டாகிவிட்டது.

"கருத்தில்லை" என்பதற்கு "இல்லை" என்று அர்த்தம் கிடையாது. இந்தக் கூற்றே இரண்டு விடயத்தை ஒன்றாகக் கேட்கிறது. உம்மா பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிறா, ஆனால் ஐந்து பேருக்கு ஒரே மேசைதான் என்றால் அந்தப் பிள்ளை எந்தக் கூட்டில் அடையாளமிடும்? நடுக்கூட்டில்தான். வீட்டு விடயம் சேருக்கு ஏன் என்று நினைக்கிற பிள்ளையும் அங்கேதான் போடும், இல்லாவிட்டால் வெறுமையாக விடும். நடுவில் இவ்வளவு பேர் குவிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கூற்றை. வெறுமையாக விட்டவர்களுக்கு "பதிலில்லை 4" என்று அட்டவணையில் ஒரு நிரல் வேண்டும். 36 பேருள்ள வகுப்பில் ஒரு பிள்ளை கிட்டத்தட்ட 3 வீதம். அங்கே தசமதானம் போட்டு எழுதுவது வெறும் அலங்காரம். "36 பேரில் 12 பேர்" என்று எழுதினால் வாசிப்பவர் தானே எடை போட்டுக்கொள்வார்.

சரி, அந்த 12 பேருக்காவது வீட்டு ஆதரவு இல்லாததால்தான் வீட்டுவேலை வருவதில்லையா? இதைக் கேட்காமல்தான் பெரும்பாலான அறிக்கைகள் முடிகின்றன. ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு வரைபு போட்டுவிட்டு அடுத்த கூற்றுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு விடைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை. அதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு தாளில் நான்கு கட்டம் போதும்.

எங்கள் வகுப்பில், கணக்கெடுத்த வாரங்களில் பாதிக்கு மேல் வீட்டுவேலை தராதவர்கள் 14 பேர் என்று வைப்போம். தாள்களில் பெயருக்குப் பதிலாக இலக்கம் இருக்க வேண்டும், இலக்கப் பட்டியல் வேறொரு ஆசிரியரிடம் இருக்க வேண்டும். தன் சேர் பார்ப்பார் என்று தெரிந்தால் பிள்ளை சேருக்குப் பிடித்த விடையைத்தான் போடும். அந்த ஆசிரியர் வீட்டுவேலைப் பதிவேட்டையும் இலக்கத்துக்கு மாற்றித் தந்தால் இரண்டையும் பொருத்தலாம்.

பொருத்திப் பார்த்தால், ஆதரவு இல்லை என்ற 12 பேரில் வீட்டுவேலை தராதவர்கள் 5. மற்ற 24 பேரில் 9. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வீட்டு ஆதரவு இல்லை என்ற பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வேலை தராமல் வருகிறார்கள்.

இப்போது அதே வினாக்கொத்தில் இன்னொரு கூற்றைப் பாருங்கள்: "வீட்டுவேலையைக் கொப்பியில் எழுதிக்கொள்ள எனக்கு நேரம் கிடைக்கிறது." இதற்கு உடன்படாதவர்கள் 13 பேர். அவர்களில் 10 பேர் வீட்டுவேலை தராதவர்கள். மற்ற 23 பேரில் 4 பேர்தான். கடைசியில் இருந்த திறந்த வினாவுக்கு ஆறு பிள்ளைகள் ஏறத்தாழ ஒன்றையே எழுதியிருக்கிறார்கள்: "பெல் அடிச்ச பொறகுதான் சேர் சொல்லுவார்."

விடை வீட்டில் இல்லை, வகுப்பறையின் கடைசி ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. வினாக்கொத்தைத் தயாரித்த ஆசிரியரே தன் மேசையில் அந்த விடையை வைத்துக்கொண்டு, உம்மா வாப்பாவைக் கூட்டத்துக்குக் கூப்பிடும்படி விதப்புரை எழுதுகிறார். திறந்த வினாவின் விடைகள் "மாணவர்கள் பல்வேறு கருத்துகளை முன்வைத்தனர்" என்ற ஒரு வரியில் புதைக்கப்படுகின்றன. நாங்கள் எதிர்ப்பது இதைத்தான்.

"உங்கள் எண்ணும் காரணத்தை நிரூபிக்கவில்லையே" என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்வி. 13 பேர் சிறிய தொகை. மெதுவாக எழுதுகிற பிள்ளைக்குக் கணிதமும் கஷ்டமாக இருக்கலாம், அதனால் வேலை தராமல் இருக்கலாம். அதை அறிக்கையிலேயே எழுத வேண்டும். ஆனால் செயல்நிலை ஆய்வுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மூன்று வாரத்துக்கு வீட்டுவேலையை மணி அடிக்கப் பத்து நிமிடம் முன்னரே பலகையில் எழுதுங்கள். பதிவேட்டில் 14 என்ன ஆகிறது என்று பாருங்கள். குறைந்தால் ஒரு தடயம் கிடைத்தது. குறையாவிட்டால் உங்கள் ஊகம் பிழை, அதையும் அப்படியே எழுதுங்கள். பெற்றோர் கூட்டம் வைத்தால் இப்படி எதையும் சோதிக்க முடியாது. அந்த விதப்புரை இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கும் அதுதான் காரணம் என்பது எங்கள் சந்தேகம்.

அறிக்கையைத் திருத்துகிற விரிவுரையாளர்களிடமும் ஆசிரிய ஆலோசகர்களிடமும் எங்கள் கோரிக்கை: வட்ட வரைபுக்குப் புள்ளி கொடுப்பதை நிறுத்துங்கள். எண்ணிக்கை அட்டவணையைப் பின்னிணைப்பில் கேளுங்கள், "பதிலில்லை" நிரலோடு. பேறுகள் என்ற அத்தியாயத்தில் பிள்ளைகள் சொன்னது மட்டும் இருக்கட்டும். ஆசிரியரின் விளக்கம் கலந்துரையாடலில் வரட்டும். வீட்டைக் குறை சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் அந்த நான்கு கட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு வருகிற உம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறா. செய்யாத குற்றத்துக்கு அவவை முன்வரிசையில் உட்கார வைக்க, எங்கள் வினாக்கொத்து சாட்சியாகக் கூடாது.