போலி வீடியோ, உண்மை அடி

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு ஒன்பது மணி இருக்கும். வட மாவட்டத்தில் ஒரு ஒன்றியத்தின் செய்திகளைப் போட்டு வாட்ஸ்அப் சேனலும் யூடியூப் சேனலும் நடத்துகிற தம்பி ஒருவர் அழைத்தார். கல்லூரி இறுதியாண்டு மாணவர். குரல் நடுங்கியது. "அண்ணே, கோயில் திருவிழாவுல நம்ம பையன அடிச்சே கொன்னுட்டாங்களாம். வீடியோ வந்திருக்கு. அடிச்சவன் போட்டோவும் இருக்கு. போட்டுடட்டுமா?"

பொறு என்றேன். அந்த இரவில் அவரும் அவர் நண்பர்களும் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வந்த செய்தி ஒன்றுதான். ஆனால் அதற்குள் நான்கு கூற்றுகள் இருந்தன. ஒரு பையன் அடிக்கப்பட்டான். அவன் இறந்துவிட்டான். இந்த வீடியோ அந்தச் சம்பவத்தினுடையது. படத்தில் இருப்பவர்தான் அடித்தார். நான்கையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஒன்று உண்மையாக இருந்தால் மற்ற மூன்றும் உண்மையாகிவிடாது. ஒன்று பொய்யாக இருந்தால் மற்றவையும் பொய்யாகிவிடாது. நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் வீடியோ. அதன் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அனுப்பியவரிடம் "உங்களுக்கு யார் அனுப்பியது" என்று கேட்டு, அவரிடமிருந்து அடுத்தவர் என்று பின்னோக்கிப் போனார்கள். மூன்றாவது ஆளோடு சங்கிலி அறுந்தது. எடுத்தவர் கிடைத்திருந்தால், மூலக் கோப்பை வீடியோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லியிருக்கலாம். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரங்கள் போய்விடும். அந்த வழி இல்லாததால் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பின்னணியில் ஒரு பைக். அதன் எண் தென்மாவட்டத்தினுடையது. அது மட்டும் போதாது, வண்டி எங்கிருந்தும் வரலாம். இரண்டு காட்சிகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் நடந்த தகராறின் வீடியோ என்று தெரிந்தது.

"அப்ப வதந்திதான் அண்ணே" என்றார் தம்பி, கொஞ்சம் நிம்மதியோடு. அதுவும் அவசரம்தான். வீடியோ பொய் என்பது தெரிந்துவிட்டது. பையனைப் பற்றி இன்னும் எதுவும் தெரியவில்லையே.

இரண்டு பேர் பைக்கில் அந்தக் குடியிருப்புக்குப் போனார்கள். ஒரு பையன் உண்மையாகவே அடிக்கப்பட்டிருந்தான். வயது 17. உயிரோடு அரசு மருத்துவமனையில் இருந்தான், தலையில் தையல். குடும்பத்தின் சம்மதத்தோடு ஏ.ஆர். காப்பியைப் பார்த்தார்கள். அரசு மருத்துவமனையில் சேரும்போது மருத்துவர் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. தெரிந்த மூன்று பேர் மாலை ஆறு மணியளவில் கோயில் அருகே கட்டையால் தாக்கியதாகச் சொல்லப்பட்டது என்று இருந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காயம் என்ன என்பது மருத்துவர் கண்டது. யார் அடித்தார்கள் என்பது மருத்துவரிடம் சொல்லப்பட்டது. ஏ.ஆர். முதல் பாதிக்குத்தான் சான்று. இரண்டாவது பாதிக்கு அது உடனே சொல்லப்பட்டதற்கான பதிவு மட்டுமே.

அந்த மூன்று பேரில் வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்து மனிதர் இல்லை. பையனும் அவரைச் சொல்லவில்லை. அவருக்கும் ஊரில் வேறொருவருக்கும் நிலத் தகராறு இருந்ததாகப் பிறகு தெரிந்தது. யாரோ தங்கள் பழைய கணக்கை ஒரு பிள்ளையின் ரத்தத்தில் தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் போட்டிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின்படி அவதூறு வழக்கு வந்திருக்கலாம். இரண்டு ஆண்டு வரை சிறை. "நாங்கள் வந்ததைத்தான் பகிர்ந்தோம்" என்பது அங்கே எடுபடாது, திரும்பச் சொல்வதும் வெளியிடுவதுதான். அதே பிரிவில், அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு தரும் புகாருக்கு விலக்கு உண்டு. அதனால் காவல் நிலையத்தில் பெயர் சொல்லும் தாய்க்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதே பெயரைச் சேனலில் போடும் நமக்கு அந்த விலக்கு இல்லை.

சட்டத்தை விடுங்கள், அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கும்பல் அவரை அடித்தே கொன்றது. அந்த இரவு நம் தம்பி அழைத்தபோதும் ஆட்கள் மெயின்ரோட்டில் கூடத் தொடங்கியிருந்தார்கள்.

அவர்கள் பத்தேமுக்காலுக்குப் போட்ட செய்தி இவ்வளவுதான்: "நம் ஒன்றியத்தில் இன்று மாலை தாக்கப்பட்ட சிறுவன் உயிருடன் இருக்கிறார், அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். மூன்று பேர் தாக்கியதாகக் குடும்பத்தினர் புகார் அளித்துள்ளனர். வாட்ஸ்அப்பில் பரவும் வீடியோ இந்தச் சம்பவத்தினுடையது அல்ல. அதோடு பரவும் படத்தில் இருப்பவர் பெயர் புகாரில் இல்லை." அந்த வீடியோவையோ படத்தையோ, மேலே சிவப்பில் 'போலி' என்று எழுதிக்கூட, அவர்கள் மறுபடி போடவில்லை. பையனின் பெயர், பள்ளி, முகம் எதுவும் இல்லை. சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு அவனை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை செய்கிறது. சிறிய ஊர் என்பதால் ஊர்ப் பெயரையும் விட்டார்கள்.

அவர்களும் ஒரு தவறு செய்தார்கள். நள்ளிரவில் போட்ட அடுத்த செய்தியில் "போலீஸ் புகாரை வாங்க மறுப்பு" என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் புகாரை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருந்தார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை. காலையில் அதைச் சத்தமில்லாமல் அழிக்காமல், அதே பதிவின் மேலே திருத்தத்தை எழுதினார்கள். திருத்திய செய்திதான் கனமாகவும் இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. பிறகு எதற்கு வெறும் சி.எஸ்.ஆர்.? இந்தச் சட்ட வழக்குகளை விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலை அதிகாரி என்பதால் அவரை அழைத்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை அப்படியே போட்டார்கள். "போலீஸ் மறுப்பு" என்றே விட்டிருந்தால், ரசீதைக் காட்டி ஒரு நிமிடத்தில் அவர்களைப் பொய்யர்களாக்கியிருப்பார்கள்.

சில தோழர்கள் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். "நம்மை அடிக்கிறவன் சரிபார்த்துவிட்டா அடிக்கிறான்? நடுநிலை நமக்கு எதற்கு?" நியாயமான கோபம். ஆனால் இதில் நடுநிலை எங்கே வந்தது? மறுநாளே ஒரு முகநூல் பக்கம் அந்தப் பழைய வீடியோவை எடுத்து, "வன்கொடுமை என்று பொய்ப் பிரச்சாரம், ஆதாரம் இதோ" என்று போட்டது. வீடியோ பொய், ஆகவே அடியும் பொய் என்பது அவர்கள் கணக்கு. நம் சேனலும் அதைப் பகிர்ந்திருந்தால், மருத்துவமனையில் கிடக்கும் பையனின் காயத்துக்கு எதிரான சாட்சியாக நாமே நின்றிருப்போம்.

மூன்றாம் நாள் எஃப்.ஐ.ஆர். பதியப்பட்டது. அதிலிருந்த மூன்று பேரும் 18 வயது கடந்தவர்கள் என்று உறுதி செய்த பிறகு, 'குற்றவாளிகள்' என்றில்லாமல் 'குற்றம்சாட்டப்பட்டவர்கள்' என்று பெயரோடு எழுதினார்கள். அவர்களுடைய சாதி முழுவதையும் தலைப்பில் இழுக்கவில்லை. வெளியிடும் முன் மூன்று வீட்டுக்கும் பேசினார்கள். இரண்டு வீட்டில் போனைத் துண்டித்தார்கள். மூன்றாவது வீட்டில் அப்பா எடுத்து, தன் மகன் அன்று அங்கே இல்லை என்று நான்கு நிமிடம் பேசினார். அதையும் போட்டார்கள்.