சிறிது காலம் தனித்திருக்கக் கேட்கும்போது

"என்னைக் கொஞ்ச நாளைக்குத் தனியே இருக்க விடுங்கள்."

கட்டாரில் ஆறு ஆண்டுகள் உழைத்து யாழ்ப்பாணம் திரும்பிய கணவரிடம், மூன்றாவது மாதத்தில் மனைவி இவ்வாறு கூறுகின்றார் என எண்ணிக்கொள்வோம். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு மன்னாரிலுள்ள தாய் வீட்டில் இரண்டு வாரம் தங்க விரும்புகின்றார். பெரிய சண்டை எதுவும் நிகழவில்லை. எனினும் கணவரின் காதில் வேறொரு வாக்கியமே விழுகின்றது: "நீங்கள் எனக்கு வேண்டாம்."

இவ்விடத்தில் பலரும் செய்வது என்ன? முதல் நாளே பத்துத் தடவை தொலைபேசி அழைப்பு. பதில் வராவிட்டால் மைத்துனிக்கு அழைப்பு, பின்னர் மாமியாருக்கு. மூன்றாம் நாள் முன்னறிவிப்பின்றி மன்னாருக்குப் பேருந்தில் பயணம். அங்கும் முகம் கொடுக்கப்படாவிட்டால், "சரி, இனி நானும் பேசமாட்டேன்" என்ற வைராக்கியம்; வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்புவதும் நின்றுவிடும். துரத்துவதும் முறைத்துக்கொண்டு விலகுவதும் வெளிப்பார்வைக்கு எதிரெதிரானவை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அச்சம். துரத்தத் துரத்த மற்றவர் மேலும் விலகுவார். அவர் விலக விலக இவரது அச்சம் மேலும் பெருகும்.

மாற்கு நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில், விடியுமுன் எழுந்து தனிமையான இடத்தில் செபித்துக்கொண்டிருந்த இயேசுவைத் தேடிச் சீமோனும் தோழரும் செல்கின்றனர். எல்லோரும் உம்மைத் தேடுகின்றனர் என்று முறையிடுகின்றனர். அவர் எவரையும் வெறுத்துப் போகவில்லை. முந்தைய நாள் மாலை நோயாளர் பலரைக் குணமாக்கியவருக்கும் தனித்த ஓர் அதிகாலை தேவைப்பட்டது.

இத்தகைய வேளைக்கு உதவும் வழியொன்றைப் புனித பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தில் (7:5) காண்கின்றேன். அங்கே அவர் பேசுவது தம்பதியரின் தாம்பத்திய உறவைப் பற்றியே. ஆயினும் அவர் இடும் நிபந்தனைகள் இதற்கும் பொருந்தும். பிரிந்திருப்பது இருவரின் சம்மதத்தோடு நிகழவேண்டும். அதற்குக் கால வரையறை வேண்டும். செபம் என்னும் நோக்கம் வேண்டும். பின்னர் மீண்டும் கூடவேண்டும்.

எனவே நம் கணவர் முதலில் உடனே பதில் கூறாதிருப்பது நன்று. நெஞ்சு படபடக்கும்போது காது சரியாகக் கேட்பதில்லை. உடல் தணிய இருபது நிமிடங்களாவது வேண்டும் எனக் குடும்ப ஆலோசகர்கள் கூறுவர். பொழுது சாயுமுன் சினம் தணியவேண்டும் என்ற வேதவாக்கைக் காட்டி, இரவோடிரவாகப் பேசித் தீர்க்க வற்புறுத்துவோர் உண்டு. சினத்தை விடவேண்டும் என்பதே அங்குள்ள கட்டளை. வாதத்தை முடிக்கவேண்டும் என்பதல்ல.

மனம் தணிந்தபின், "எத்தனை நாள்? இடையில் எப்படித் தொடர்பு கொள்வோம்? எந்த நாளில் இருந்து பேசுவோம்?" என்று கேட்கலாம். "ஏன்?" என்ற கேள்வி அந்த நாளுக்கு உரியது. இவ்வீட்டில் முடிவானது இது: பதினான்கு நாட்கள், இரவு எட்டு மணிக்குச் செபமாலை முடிந்ததும் பிள்ளைகளோடு ஓர் அழைப்பு, அவசரமாயின் மட்டும் வேறு அழைப்பு, பணம் வழமைபோல் போகும், உறவினர் எவரும் தூது போவதில்லை. ஐந்தாம் நாள் கணவர் நீண்டதொரு குறுஞ்செய்தி எழுதினார். அனுப்பாமல் அழித்தார். அதுவே அவருக்கு மிகக் கடினமான நாளாயிற்று.

எல்லாப் பிரிவும் இப்படிப்பட்டதல்ல. நாளும் குறிக்காமல், கேட்டாலும் பதில் தராமல், மற்றவரைத் தண்டிக்கவே மாதக்கணக்கில் மௌனம் காப்பவரிடம் பொறுமை மட்டும் போதாது. பங்குத்தந்தையையோ ஆலோசகரையோ நாடவேண்டும். அடிக்கு அஞ்சி வெளியேறுபவரின் நிலையோ முற்றிலும் வேறு. உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணையைப் பிரிந்து வாழ நியாயம் உண்டென 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பே (1153) ஏற்றுக்கொள்கின்றது. அவரைத் திரும்பிவரும்படி நெருக்குவது பாவம்.

பதினான்காம் நாள் மாலை, பிள்ளைகள் உறங்கியபின் மனைவி பேசினார். ஆறு ஆண்டுகள் சீட்டுக்காசு முதல் பிள்ளையின் காய்ச்சல் வரை தனியே முடிவெடுத்தவர் அவர். கணவர் வந்தபின் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் கேட்கப்பட்டது. சமையலறையில்கூட அவரது கையிலிருந்தவை இடம் மாற்றி வைக்கப்பட்டன. "நீங்கள் உதவுவதாகத்தான் நினைத்தீர்கள். எனக்கு என் வீட்டிலேயே இடமில்லாமல் போய்விட்டது" என்றார்.

கணவர் மறுத்துப் பேச வாயெடுத்தார், பின்னர் அடக்கிக்கொண்டு, "வேறென்ன?" என்று கேட்டார். அன்றிரவு பேச்சு நெடுநேரம் நீண்டது. மறுநாள் காலை சீட்டுக் கொப்பி மீண்டும் மனைவியின் அலுமாரிக்குச் சென்றது.