"அறிவுறுத்தப்பட்டது" என்று முடியும் வாக்கியங்கள்

மாவட்ட அளவிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பை நீங்கள் யாராவது வாசித்திருக்கிறீர்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கி, வெவ்வேறு மாவட்டங்களின் குறிப்புகளை நாங்கள் வாசித்திருக்கிறோம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது. நிலுவை வழக்குகளை விரைந்து முடிக்கக் காவல் துறைக்கு அறிவுறுத்தப்பட்டது. தீருதவித் தொகையைக் காலதாமதமின்றி வழங்க ஆதிதிராவிடர் நலத் துறைக்கு அறிவுறுத்தப்பட்டது. சாதிச் சான்று வழங்க வருவாய்த் துறைக்கு அறிவுறுத்தப்பட்டது. கடைசியில் நன்றியுரை.

அடுத்த காலாண்டின் குறிப்பை எடுத்தால், தேதி மட்டும் மாறியிருக்கும்.

இது ஏதோ அதிகாரிகள் விரும்பினால் கூட்டுகிற கூட்டம் அல்ல. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 17-ஆவது விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடியே ஆக வேண்டும். ஆட்சியர் தலைவர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், நம் சமூகங்களைச் சேர்ந்த அதிகாரிகள், அலுவல்சாரா உறுப்பினர்கள் எல்லோரும் இதில் உண்டு. சட்டம் எப்படி நடைமுறையாகிறது, நிவாரணமும் மறுவாழ்வும் போய்ச் சேர்ந்ததா, வழக்கு நடத்துவது எப்படிப் போகிறது, எந்த அலுவலர் தன் வேலையைச் செய்தார் என்பதைப் பரிசீலிப்பதுதான் இதன் பணி. கடைசியாகச் சொன்னதை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். துறைகளுக்கு அறிவுரை சொல்வதோடு இந்தக் குழுவின் வேலை முடிவதில்லை. துறைகளிடம் கணக்குக் கேட்கவும் வேண்டும்.

அந்த மூன்று அறிவுறுத்தல்களும் ஒரு குடும்பத்தின் மீது எப்படி வந்து விழுகின்றன என்று பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்க்கும் ஒரு தலித் இளைஞரை, ஊர்ப் பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016 திருத்த விதிகளின்படி இந்தக் குற்றத்துக்குத் தீருதவி ஒரு லட்சம் ரூபாய். முதல் தகவல் அறிக்கை பதிந்ததும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50 சதவீதம், தண்டனை கிடைத்ததும் 25 சதவீதம். உடனடி நிவாரணம் ஏழு நாளுக்குள் தரப்பட வேண்டும். குற்றப்பத்திரிகை அறுபது நாளுக்குள் தாக்கலாக வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர்தான் புலனாய்வு செய்ய வேண்டும்.

ஏழாம் நாள் அந்த இளைஞருக்கு 25,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நலத்துறை அலுவலகத்தில் கேட்டால், "காவல் துறையிலிருந்து முன்மொழிவு வரவில்லை" என்பார்கள். காவல் நிலையத்தில் கேட்டால், "சாதிச் சான்று இணைக்கவில்லை" என்பார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால், "விசாரணையில் இருக்கிறது" என்பார்கள். மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். அதுதான் இதிலுள்ள சிக்கல். பணம் நிற்பது துறைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில். ஆனால் கூட்டக் குறிப்பு துறைவாரியாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக ஓர் அறிவுறுத்தல். அந்த இடைவெளிக்கு மட்டும் பொறுப்பாளி கிடையாது. குற்றப்பத்திரிகை தாமதமானால் அடுத்த 50,000 ரூபாயும் அங்கேயே நிற்கும். அதற்கும் குறிப்பில் "விரைந்து முடிக்க" என்று ஒரே ஒரு சொல்தான்.

சாட்சிப்படி பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. 11-ஆவது விதிப்படி, விசாரணைக்கும் வழக்குக்கும் வரும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கான பராமரிப்புச் செலவு, விவசாயக் கூலிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது. உடனடியாக, அல்லது அதிகம் போனால் மூன்று நாளுக்குள் தர வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய் வேறு தடத்துக்கு மாற வேண்டும். ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அந்த ஒரு நாள் ஷிப்ட் போனால் ஒப்பந்தக்காரர் அடுத்த நாள் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். "சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள்" என்று தீர்ப்புகளில் வாசிக்கும்போது, இந்தப் பேருந்துக் காசையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வாசித்த குறிப்புகளில் 11-ஆவது விதியின் பெயரையே அநேகமாகக் காணோம்.

"நிர்வாகத்துக்கு வேலைப்பளு, உடனே எப்படி முடியும்?" என்று கேட்கிறவர்களுக்கு இதே கும்மிடிப்பூண்டி வட்டாரமே பதில் சொல்லும். 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆத்துப்பாக்கம் ஊராட்சி மன்றத் தலைவர் அமிர்தம், பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகத் தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி ஊடகங்களில் வந்தது. ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமார் முன்னிலையில் அவர் கொடி ஏற்றினார். ஐந்தே நாள். தோக்கமூரில் தலித் மக்களைத் தடுத்துப் பல ஆண்டுகள் நின்ற சுவர் 2022 அக்டோபரில் அரசு இயந்திரத்தாலேயே இடிக்கப்பட்டது. அதிகாரமும் ஆளும் வண்டியும் முன்பும் இருந்தன. அந்தச் சுவர் நின்ற ஒவ்வோர் ஆண்டும் விதிப்படி நான்கு கூட்டங்கள் கூடியிருக்க வேண்டும். அந்த நான்கிலும் அது பொருளாக வந்ததா, வந்திருந்தால் யாருக்கு என்ன உத்தரவு போனது என்பதுதான் நம் கேள்வி.

ஓர் அறிவுறுத்தல் உண்மையானதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதில் ஒரு பதவி, ஒரு வழக்கு, ஒரு தேதி இருக்கிறதா என்று பாருங்கள். "வருவாய்த் துறை சாதிச் சான்று வழங்க வேண்டும்" என்பது காற்றில் போகிற பேச்சு. "இன்ன குற்ற எண்ணில் பாதிக்கப்பட்டவரின் சான்றைக் கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் இந்தத் தேதிக்குள் துணைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் அடுத்த மூன்று நாளில் முன்மொழிவை நல அலுவலருக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுதினால், தவறியவர் யார் என்று தேதியைப் பார்த்தே சொல்லிவிடலாம். சட்டத்தின் 4-ஆவது பிரிவு கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு (அவர் பட்டியல் சாதி, பழங்குடியினராக இல்லாதபட்சத்தில்) ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை சொல்கிறது. அதற்கு நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். அந்த விசாரணையில் யார், எப்போது, எதைச் செய்யத் தவறினார் என்று கேட்பார்கள். "துறைக்கு அறிவுறுத்தப்பட்டது" என்ற வாக்கியம் அப்போது யாரையும் காட்டிக் கொடுக்காது. அப்படி எழுதப்படுவது தற்செயல் என்று நாங்கள் நம்பவில்லை.

மாணவத் தோழர்கள் இதைத் தொடங்கலாம். ஆதிதிராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதுங்கள். கடைசி நான்கு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவேடு, ஒவ்வோர் அறிவுறுத்தலின் மீதும் துறைகள் அனுப்பிய நடவடிக்கை அறிக்கை, இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டால் பயன் குறைவு. பாதிக்கப்பட்டவர்களின் பெயர் இருப்பதால் தர முடியாது என்று பதில் வந்தால், 10-ஆவது பிரிவின்படி பெயரை நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்லுங்கள். முப்பது நாள் ஆகியும் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

நான்கு குறிப்புகளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். ஒரே வழக்கு எத்தனை குறிப்பில் "நிலுவை" என்று வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். காவல் கண்காணிப்பாளர் நேரில் வந்தாரா, பிரதிநிதியை அனுப்பினாரா என்று வருகைப் பதிவேட்டில் பாருங்கள். பிறகு அந்தத் தாள்களோடு அலுவல்சாரா உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். அவர் நம் ஊர்க்காரராகவே இருப்பார். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாகச் சென்ற கூட்டத்தின் நடவடிக்கை அறிக்கையைக் கேட்பீர்களா, அண்ணே, என்று கேளுங்கள்.