புகைக்குப் பரிசளிக்கும் மதிப்பீடு

"மென்பொருளும் மனிதரும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் தருகின்றனர், பிறகென்ன குறை?" தானியங்கிக் கட்டுரை மதிப்பீட்டை ஆதரிப்போரின் முதன்மை வாதம் இது. அந்த ஒற்றுமை எதிலிருந்து வருகிறது என்பதே என் கேள்வி.

1966இல் இத்துறைக்கு அடித்தளமிட்ட எல்லிஸ் பேஜ் ஒன்றை மறைக்கவில்லை: கட்டுரையின் உள்ளார்ந்த பண்புகளைக் கணினியால் நேரடியாக அளக்க இயலாது, அவற்றோடு சேர்ந்து வரும் புறத் தடயங்களையே எண்ண முடியும். மொத்தச் சொற்கள், சொல்லின் சராசரி நீளம், அரிய சொற்களின் விகிதம் ஆகியவை அத்தகைய தடயங்கள். நேரம் வரையறுத்த தேர்வில், சொல்வதற்குக் கருத்து உள்ளவர் பெரும்பாலும் கூடுதலாக எழுதுகிறார். திருத்துபவரும் கூடுதல் மதிப்பெண் தருகிறார். இந்தத் தொடர்பைக் கற்ற மென்பொருள் மனிதரோடு ஒத்துப்போவதில் வியப்பில்லை.

புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது முறையே. ஆனால் புகைக்கே பரிசு என்று தெரிந்துவிட்டால், நெருப்பில்லாமல் புகையெழுப்பக் கற்றுக்கொள்வார்கள். ஜிஆர்இ தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே, தன் இ-ரேட்டர் மென்பொருளை ஏமாற்றிப் பார்க்குமாறு வல்லுநர்களை அழைத்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டது. அதில் ஒருவர் சில பத்திகளை எழுதி, அவற்றையே 37 முறை ஒட்டி, உச்ச மதிப்பெண் பெற்றார். இத்தகைய மோசடிகளைப் பிடிக்கும் வடிகட்டிகள் பின்னர் வந்தன. அவை திரும்ப வரும் சொற்களைப் பிடிக்கும். பொருந்தாத காரணத்தைப் பிடிக்குமா?

ஓர் எடுத்துக்காட்டு. "தசரா நாட்களில் மைசூரு அரண்மனையைச் சுற்றி வாகனங்களைத் தடைசெய்யலாமா?" என்பது தலைப்பு. ஒரு மாணவர் மரபு, சூழலியல், பொதுநலம் என ஐந்து பத்திகள் எழுதுகிறார். அவற்றுள் எதுவும் தடைக்குக் காரணமாக அமையவில்லை. இன்னொருவர் சில வரிகளே எழுதுகிறார்: "நெரிசல் ஏற்பட்டால் மக்கள் வெளியேற வீதி காலியாக இருக்க வேண்டும், ஆகவே தடை தேவை. ஆனால் ஆம்புலன்ஸும் வாகனமே. அதற்கு வழி விடாத தடை, காக்க நினைத்த உயிரையே போக்கும்." இவர் மறுப்பை முன்னுணர்ந்து தம் முடிவைத் திருத்திக்கொள்கிறார். வாதம் என்பது இதுதான். எண்ணிக்கையில் வெல்பவர் முதலாமவர்.

இப்போது "விடாத" என்பதை "விட்ட" என்று மாற்றுங்கள். சொல்லெண்ணிக்கையும் இலக்கணமும் குலையவில்லை; வாதம் மட்டும் தன்னையே மறுக்கிறது. படிக்கும் மனிதர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். தடயங்களை எண்ணும் கருவி கடந்து சென்றுவிடும்.

புதிய நரம்பு வலையமைப்புகள் தடயங்களைத் தாமே தேர்ந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றின் இலக்கும் அதே மனித மதிப்பெண்தான். எனவே விற்பவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒத்திசைவின் அளவை மட்டுமன்று. வாதம் உடைக்கப்பட்ட கட்டுரையையும் அதன் மூலத்தையும் அருகருகே கொடுத்தால் மதிப்பெண் எவ்வளவு மாறுகிறது என்பதையும் காட்டச் சொல்லுங்கள். அது மாறாதவரை, அந்த எண்ணை மட்டும் நம்பி ஒரு மாணவரின் தேர்ச்சியை முடிவுசெய்ய நமக்கு உரிமையில்லை.