பிள்ளைக்கு ஃபோன்: பெட்டரியா, கெமராவா?

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஃபோன் வாங்கப் போகும் வாப்பாமார் எங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரே விலையில் இரண்டு ஃபோன். ஒன்றில் 5000 எம்ஏஎச் பெட்டரியும் 108 மெகாபிக்சல் கெமராவும். மற்றதில் 6000 எம்ஏஎச் பெட்டரியும் 50 மெகாபிக்சல் கெமராவும். எதை எடுப்பது?

பெட்டரியை எடுங்கள் என்கிறோம்.

பிள்ளை கெமராவால் செய்வது என்ன? டியூட்டை, கடந்தகால வினாத்தாளை, கூட்டாளியின் கொப்பியைப் படம் பிடிப்பது. 108 என்று பெட்டியில் இருந்தாலும், சாதாரணமாக எடுக்கும்போது ஃபோன் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 50 உள்ளது நான்கைச் சேர்த்து ஏறக்குறைய அதே அளவைத் தருகிறது. அதையும் வட்ஸ்அப் சுருக்கித்தான் அனுப்புகிறது. எங்களுக்கு வரும் விடைத்தாள் படங்கள் வாசிக்க முடியாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். டொக்கியுமென்டாக அனுப்பினால் எழுத்து தெளிவாக வரும். கூடவே இருக்கும் 2 மெகாபிக்சல் கெமராக்கள் எண்ணிக்கைக்குத்தான்.

ஆனால் பெட்டரியிலும் எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியது நினைவிருக்கும். அந்த வருடம் பெற்றோல் இல்லாமல் பாடசாலைகளும் மூடப்பட்டன; பாடம் ஃபோனுக்குள் போனது. அப்படியான நாளில் பெட்டரி எவ்வளவு பெரிது என்பதோடு, கரண்ட் வந்திருக்கும் நேரத்துக்குள் எவ்வளவு ஏறும் என்பதும் முக்கியம். 6000 எம்ஏஎச் பெட்டரி ஏறக்குறைய 23 வோட் மணித்தியாலம் பிடிக்கும். 10 வோட் சார்ஜரில் ஒரு மணித்தியாலம் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். 33 வோட் சார்ஜரில் பாதிக்கு மேல் ஏறிவிடும். ஆகவே ஃபோன் எத்தனை வோட் தாங்கும், அந்தச் சார்ஜர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். சில பெட்டிகளில் வயர் மட்டும்தான் வருகிறது.

பவர் பேங்க் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். 10000 என்று எழுதியதில் ஃபோனுக்குப் போய்ச் சேர்வது 6000 அளவுதான். அதையும் கரண்ட் இருக்கும்போதே ஏற்ற வேண்டும். பெட்டரி தேய்வதையும் கணக்கில் எடுங்கள். உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது 5000 என்பது 4000 ஆகியிருக்கலாம்.

கெமராவுக்கு ஒரு சோதனை போதும். கடைக்குப் போகும்போது சின்ன எழுத்துள்ள வினாத்தாள் ஒன்றைக் கொண்டு போங்கள். முழுப் பக்கத்தையும் பின்கெமராவால் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூலையில் உள்ள எழுத்தும் வாசிக்க வந்தால் அந்தக் கெமரா போதும். நடுவில் மட்டும் தெளிவாக இருந்தால், பெட்டரி எவ்வளவு பெரிதானாலும் அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.