திக்கலை நீக்கலாம், திருத்தத்தை நீக்கலாகாது

ஒலிப்பதிவிலிருந்து எழுதியெடுத்த செவ்வியை அப்படியே அச்சேற்றினால் வாசகர் களைத்துப்போவார். "அது வந்து", "என்னெண்டால்" போன்றவற்றை வெட்டுவது நியாயமே. ஆனால், தொடங்கி முறிந்த வசனங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல.

2009 மே மாதத்தில் ஓமந்தையில் உறவினரை இராணுவத்திடம் கையளித்ததாகப் பல குடும்பங்கள், 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தன. அத்தகைய தாயொருவர் இவ்வாறு கூறுவதாக வைத்துக்கொள்வோம்: "மகன் காணாமல்... இல்லை, நான்தான் ஓமந்தையில கொண்டுபோய்க் குடுத்தனான். 17... 18ஆம் திகதி எண்டு நினைக்கிறன்."

இதனை, "மகன் 18ஆம் திகதி ஓமந்தையில் காணாமற்போனார்" என்று செப்பனிட்டால் வசனம் சீராகும். கையளித்த தாய் மறைந்துவிடுவார். அவரது ஐயமும் உறுதியாகிவிடும்.

"17" என்பது வெறும் தடுமாற்றம், அதை நீக்கலாம். "நினைக்கிறேன்" என்பதை நீக்கலாகாது. "காணாமல்... இல்லை" என்பதோ ஒரு சொல்லை அவர் மறுத்த இடம். அதனை முறிந்தபடியே விட்டுவைப்பதுதான் முறை. நிறைவு செய்வதும் நம் வேலையன்று.

செப்பனிட்டபின் மூலத்தோடு ஒப்பிடுங்கள்: யார் செய்தார், எப்போது, எவ்வளவு உறுதியோடு சொன்னார்? இவற்றுள் ஒன்று மாறியிருந்தாலும் அது அவருடைய கூற்றன்று, நம்முடையது.